ஈரமண்ணில் நெளிவது எது?

மழைக்காலத்தில் மண்ணின் இடுக்குகளில் நீர் நிறைந்தவுடன், அங்கே மறைந்து வாழும் நீண்ட, காலற்ற உயிர்கள் பல மேலே வந்துவிடுகின்றன. பூந்தொட்டியின் அடியிலும், வாழையின் தூரிலும், கிணற்றடியிலும் அவை நெளிவதைக் கண்டதும் வீட்டிலுள்ளோர் ஆளுக்கொரு பெயர் சொல்வர். இன்று கைப்பேசி இல்லாத இல்லம் அரிது. ஆகவே அதைப் படமெடுத்து நாலு பேருக்கு அனுப்பி, ‘இது என்ன?’ என்று கேட்பதும் வழக்கமாகிவிட்டது. அத்தகைய படம் ஒன்றை எவ்வாறு பார்க்க வேண்டும் என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

சேலத்திலிருந்து தர்மபுரி செல்லும் நெடுஞ்சாலையில், கணவாய்க்குப் பெயர்பெற்ற தொப்பூரில் வாழும் குடும்பம் ஒன்று ஐப்பசி மழைக்குப்பின் எடுத்த படம் நம்மிடம் வந்தது. அவர்கள் வீட்டுக் கொல்லையில் மண்புழு உரத்தொட்டி ஒன்று உண்டு. அதன் ஓரத்து ஈரமண்ணில் ஒரு சாண் நீளத்தில் பழுப்பு நிறமாக ஏதோ கிடந்தது. “அட்டைதாங்க சாமி, உப்புப் போட்டாச் செத்துப் போகும்” என்றார் பாட்டி. பாம்புக் குட்டி என்று மண்வெட்டியை எடுத்தார் மகன். தொட்டியிலிருந்து தப்பிய மண்புழு என்றும், அதை எடுத்து மீண்டும் தொட்டியிலேயே விடவேண்டும் என்றும் சொன்னார் மருமகள்.

மூவரின் முடிவும் மூன்று வெவ்வேறு செயல்களில் முடியும் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். உப்பிடுவதா, வெட்டுவதா, தொட்டியில் விடுவதா? பெயர் தவறினால் செயலும் தவறும். இதில் ஒரு செயல், நாம் பின்னர் காணப்போவதுபோல், அந்த உரத்தொட்டியையே பாழாக்கியிருக்கும்.

நிறமும் நீளமும் சான்றாகா

ஈரமண்ணில் இப்படிக் கிடக்கக்கூடியவை பெரும்பாலும் நான்கு கூட்டத்தைச் சேர்ந்தவை: மண்புழு, அட்டை, தட்டைப்புழு, காலற்ற நிலநீர்வாழ்வன. முதல் மூன்றும் முதுகெலும்பு இல்லாதவை. நான்காவது, தவளைக்கு உறவான முதுகெலும்புள்ள உயிர். இவற்றுள் எதுவும் பழுப்பாக இருக்கலாம். எதுவும் கருமையாக இருக்கலாம். நீளமோ அதைவிட ஏமாற்றுவது. மண்புழுவும் அட்டையும் தட்டைப்புழுவும் நொடிப்பொழுதில் நீண்டும் சுருங்கியும் தம் அளவையே மாற்றிக்கொள்ளும். சுருங்கிய தட்டைப்புழு தடித்த அட்டைபோல் தோன்றும். நன்கு நீண்ட அட்டை மெல்லிய புழுவாகத் தோன்றும். எனவே படத்தைக் கையில் எடுத்தவுடன் நிறத்தையும் நீளத்தையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, பின்வரும் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்கவேண்டும்.

முதற் கேள்வி: உடலில் வளையங்கள் உண்டா?

படத்தைப் பெரிதாக்கி உடலின் நடுப்பகுதியை முதலில் நோக்குக. மண்புழுவின் உடல் மோதிரங்களைக் கோத்து அடுக்கியதுபோல் தெளிவான வளையங்களால் ஆனது. அவை ஏறத்தாழச் சம இடைவெளியில், உடலைச் சுற்றி முழுமையாகச் செல்லும். வளர்ந்த மண்புழுவில் முன்முனைக்குச் சற்றுத் தள்ளி, சில வளையங்கள் ஒன்றாகத் தடித்து, நிறம் மாறி, பட்டை கட்டியதுபோல் இருக்கும். முட்டைக்கூட்டை உண்டாக்கும் பகுதி அது. இப்பட்டை தெரிந்தால் விடை மண்புழுதான்; மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. ஆனால் இளம் மண்புழுவுக்கு இப்பட்டை இராது. ஆகவே பட்டை இருப்பது சான்று, இல்லாமை சான்றன்று.

அட்டைக்கும் வளையங்கள் உண்டு. ஆயினும் அவை மிக நுண்ணியவை, மிக நெருக்கமானவை. அதன் உடற்கணு ஒவ்வொன்றும் வெளியே பல சிறு வளையங்களாகப் பிரிந்திருக்கும். இரத்தம் உறிஞ்சும் பொதுவான அட்டைகளில் நடு உடலின் ஒரு கணுவுக்கு ஐந்து வளையங்கள் காணப்படும். அதனால் மண்புழுவின் தோல் மோதிர அடுக்குப்போலத் தோன்ற, அட்டையின் தோல் நெருங்க நூல் சுற்றிய கண்டுபோலத் தோன்றும்.

தட்டைப்புழுவுக்கு வளையமே கிடையாது. அதன் உடல் வழவழப்பான நாடா. கோடுகள் இருந்தாலும் அவை தலை முதல் வால் வரை நெடுக ஓடுமேயன்றிக் குறுக்கே சுற்றா. காலற்ற நிலநீர்வாழ்வனவுக்கோ குறுக்கு மடிப்புகள் உண்டு. இவற்றை மண்புழு என்று மக்கள் தவறாக எண்ணுவதற்கு இம்மடிப்புகளே காரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இவ்வுயிர்கள் அனைத்தும் ஈரப்பசை பூசியவை. வெயிலோ கைப்பேசியின் விளக்கொளியோ பட்டால் முதுகு நெடுகிலும் வெள்ளை மினுக்கம் தோன்றி வளையங்களை மறைத்துவிடும். மினுங்கும் இடத்தில் வளையம் தெரியவில்லை என்பதற்காக வளையமே இல்லையென்று முடிவு செய்யலாகாது. மினுக்கம் படாத பக்கவாட்டையே பார்க்கவேண்டும்.

இரண்டாம் கேள்வி: இரு முனைகளும் எவ்வாறுள்ளன?

முனைகளைக் காட்டாத படம் பாதிப் படமே. அட்டையின் இரு முனைகளிலும் உறிஞ்சிகள் உண்டு. முன்னுறிஞ்சி சிறியது, பின்னுறிஞ்சி பெரியது, வட்டமானது, சிறு கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல் தரையைப் பற்றியிருக்கும். பின்முனையைத் தரையில் ஊன்றி, உடலைத் தூக்கி, காற்றில் துழாவும் கோலத்தில் ஓர் உயிர் படத்தில் இருந்தால் அது பெரும்பாலும் அட்டையே. இரு முனைகளையும் மாறி மாறி ஊன்றி, முழம் போடுவதுபோல் வளைந்து நடப்பதும் அதன் இயல்பு.

மண்புழுவின் இரு முனைகளும் எளியவை. உறிஞ்சியும் இல்லை, தலையென்று பிரித்துச் சொல்லத்தக்க பகுதியும் இல்லை.

நம் தோட்டங்களில் காணப்படும் பெரிய நிலத் தட்டைப்புழுக்களின் முன்முனையோ யாரும் மறக்கவியலாத உருவுடையது. தலை இருபுறமும் அகன்று, பாதி நிலாவைப்போல், அல்லது விரித்த விசிறியைப்போல் இருக்கும். இக்கூட்டத்திற்கு அறிவியலார் இட்ட பெயர் ‘பைப்பேலியம்’ என்பது. இலத்தீனில் அச்சொல் ஒருவகை மண்வெட்டியைக் குறிக்கும். தலையைப் பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். ஆயினும் தொல்லையுற்றபோது இப்புழு தலையைச் சுருக்கிக் குறுக்கிக்கொள்ளும். அப்போது விசிறி மறைந்து வெறும் மொட்டை முனையே தெரியும்.

மூன்றாம் கேள்வி: முகம் உண்டா?

மேற்சொன்ன மூன்றுக்கும் நாம் முகம் என்று சொல்லத்தக்கது இல்லை. தட்டைப்புழுவின் வாய் தலையிலேகூட இல்லை. வயிற்றின் நடுவே இருக்கிறது! ஆனால் காலற்ற நிலநீர்வாழ்வனவுக்கு உண்மையான தலை உண்டு. மேல்தாடையும் கீழ்தாடையும், பற்களும், இரு நாசித்துளைகளும் உண்டு. கண்கள் தோலுக்கு அடியில் மங்கிய புள்ளிகளாகத் தெரியும். கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே மிகச்சிறிய உணர்கொம்பு ஒன்று இருபுறமும் உண்டு. பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் வாய்க்கோடு தெரிந்தால் போதும். அது புழுவன்று என்பது உறுதியாகும்.

ஆங்கிலத்தில் இவற்றைச் ‘சிசிலியன்’ என்பர். குருடு என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லே இதன் வேர். புனித செசிலியம்மாளின் குடும்பப் பெயருக்கும் அவ்வேரையே கூறுவர் என்பது நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தியாகும்.

இவ்வுயிரைப் பற்றி உலகம் அறிந்தவற்றில் ஒரு பெரும் பகுதி நம் அண்டை நாடான இலங்கையிலிருந்து கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த உறவினர்களான பால் சரசின், பிரிட்ஸ் சரசின் என்ற இரு அறிஞர்கள் 1883 முதல் 1886 வரை இலங்கையில் தங்கி, அங்குள்ள ‘இக்தியோபிஸ்’ என்னும் சிசிலியனை ஆராய்ந்தனர். தாய், ஈரமண்ணில் வளை அமைத்து முட்டையிட்டு, அம்முட்டைகளைத் தன் உடலால் சுற்றிவளைத்துக் காத்துக்கிடக்கிறது என்பதை அவர்கள் விரிவாக எழுதினர். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் அருகிலுள்ள நீருக்குச் சென்று வளர்கின்றன. பாம்பென்று எண்ணி மண்வெட்டியால் வெட்டப்படுவது பல வேளைகளில் இத்தகையதோர் உயிராக இருக்கக்கூடும். இவற்றால் மனிதருக்கு ஆபத்தில்லை. மண்ணிலுள்ள புழுக்களும் கறையான்களும் இவற்றின் இரை.

தென்னகத்தில் சிசிலியன்களின் சிறந்த இருப்பிடம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான சரிவுகளாகும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியிலிருந்தும் ஓர் இனம் 2013-இல் புதிதாக விவரிக்கப்பட்டது. தொப்பூர் போன்ற வறண்ட கணவாய்ப் பகுதியில் இதை எளிதில் எதிர்பார்க்க இயலாது. அங்கே பாம்பா புழுவா என்ற ஐயத்தை எழுப்புவது பெரும்பாலும் குருட்டுப் பாம்பு என்னும் புழுப்பாம்பே. பூந்தொட்டி மண்ணில் வாழும் இச்சிறு பாம்பு மண்புழு அளவே இருக்கும், நஞ்சற்றது. இதன் உடலில் குறுக்கு மடிப்பு இல்லை. மெருகிட்டதுபோன்ற சிறு செதில்கள் உடல் முழுதும் ஓடும். வால்நுனியில் நுண்ணிய முள் ஒன்று இருக்கும். ஈரப்பசையின்றி உலர்ந்து பளபளப்பது செதில். ஈரத்தால் பளபளப்பது தோல். இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ளுதல் நலம்.

தொப்பூர்ப் படம் சொன்னது என்ன?

இனி அப்படத்திற்கு வருவோம். நின்றநிலையில் மேலிருந்து எடுக்கப்பட்ட படம் அது. பக்கத்தில் உதிர்ந்து கிடந்த வேப்பிலைகளோடு ஒப்பிட்டு ஏறக்குறைய ஒரு சாண் நீளம் எனக் கணித்தோம். வேப்பிலையே சிறிதும் பெரிதுமாக இருப்பதால் இது உத்தேசக் கணக்குத்தான். ஒரு முனை தெளிவாகத் தெரிந்தது. மறுமுனை தென்னை மட்டைத் துண்டின் கீழ் மறைந்திருந்தது.

முதற் கேள்வியைக் கேட்டோம். மினுக்கம் படாத இடங்களைப் பெரிதாக்கிப் பார்த்ததில் குறுக்கு வளையம் எதுவும் புலப்படவில்லை. மாறாக, மஞ்சள் கலந்த பழுப்பு உடலில் ஐந்து கருங்கோடுகள் எங்கும் அறுபடாமல் நெடுக ஓடின. வளையமும் பட்டையும் இல்லாததால் மண்புழு என்ற எண்ணம் வலுவிழந்தது. கோடுகளை மட்டும் கொண்டு அட்டையை விலக்க இயலாது. ஏனெனில் நெடுங்கோடுள்ள அட்டைகளும் உண்டு. எனவே இரண்டாம் கேள்விக்குச் சென்றோம். தெரிந்த முனை கூராகக் குறுகி முடிந்ததேயன்றி உறிஞ்சி ஏதும் அங்கில்லை. அது பின்முனையானால் அட்டையன்று என்று சொல்லலாம். முன்முனையானால் அவ்வாறு சொல்ல இயலாது. மூன்றாம் கேள்விக்கோ தலை தெரிந்தாலன்றி விடையில்லை.

ஆகவே ‘தட்டைப்புழுவாக இருக்கலாம், உறுதியன்று, மட்டையைக் குச்சியால் விலக்கி இன்னொரு படம் அனுப்புக’ என்று எழுதினோம். சற்று நேரத்தில் இரண்டாம் படம் வந்தது. பாதி நிலா வடிவத் தலை! கழுத்தருகே கரிய வளைவு ஒன்றும் தெரிந்தது. ஐயம் அகன்றது. அது பைப்பேலியம் கூட்டத்துத் தட்டைப்புழு.

அக்கூட்டத்துள் எந்த இனம்? ஐந்து கோடுகளும் கழுத்துக் கறையும் ‘பைப்பேலியம் கியூவென்சி’ என்னும் இனத்தோடு பொருந்துகின்றன. தென்கிழக்கு ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட அப்புழு, முதன்முதலில் விவரிக்கப்பட்டதோ இலண்டன் மாநகரின் கியூ தாவரத் தோட்டத்துக் கண்ணாடி வீட்டிலிருந்துதான். 1878-இல் மோஸ்லி என்பார் அதற்குப் பெயரிட்டார். தொட்டிச் செடிகளின் மண்ணோடு பயணம் செய்து இன்று அது உலகின் வெப்பநாடுகள் பலவற்றிலும் பரவிவிட்டது. ஆனால் இனத்தை உறுதியாகச் சொல்ல உடலின் உள்ளுறுப்புகளையோ மரபணுவையோ ஆராயவேண்டும். படம் கூட்டத்தைச் சொல்லும். இனத்தைச் சொல்ல முற்பட்டால் அது ஊகமாகிவிடும். ஆகவே நாம் கூட்டத்தோடு நின்றோம்.

மூன்று முடிவுகளும் எங்கே கொண்டுபோயிருக்கும்?

மருமகள் சொன்னபடி அதைத் தொட்டியில் விட்டிருந்தால், ஓநாயை ஆட்டுப்பட்டியில் அடைத்த கதையாகியிருக்கும். இத்தட்டைப்புழுவின் முதன்மை உணவே மண்புழு. தன் பசையால் மண்புழுவைப் பற்றிச் சுற்றிக்கொண்டு, வயிற்றின் நடுவிலுள்ள வாயிலிருந்து குழல்போன்ற தொண்டையை வெளியே நீட்டி, இரையின் உடலைக் கரைத்து உறிஞ்சிவிடும். உரத்தொட்டியில் பெரும்பாலும் வளர்க்கப்படும் ஆப்பிரிக்க மண்புழு மேல்மட்டத்திலேயே வாழ்வதால் அதற்கு எளிதில் இரையாகும்.

மகன் எண்ணியபடி மண்வெட்டியால் துண்டித்திருந்தால், ஒன்று பலவாகியிருக்கும். இப்புழுவின் துண்டு ஒவ்வொன்றும் இழந்த பகுதியை வளர்த்துக்கொண்டு முழுப்புழுவாக வல்லது. அதன் இயல்பான பெருக்கமே பெரும்பாலும் இவ்வாறுதான் நிகழ்கிறது. வால்நுனியைத் தரையில் ஒட்டவைத்துவிட்டு உடல் நகர்ந்து செல்ல, அந்நுனி சில நாட்களில் புதிய தலையைப் பெறுகிறது.

பாட்டியின் பெயர் தவறாயினும் மருந்து சரியே. உப்பு அதன் மென்மையான உடலிலிருந்து நீரை இழுத்துக் கொன்றுவிடும். ஆனால் தொட்டியின் அருகே மண்ணில் உப்பைத் தூவினால் அங்குள்ள மண்புழுக்களும் மாளும், மண்ணும் கெடும். மேலும், தெரியாத உயிர்மேல் எல்லாம் உப்பைத் தூவும் பழக்கம் மலைப்பகுதியில் ஒரு சிசிலியனின் மென்தோலை வதைப்பதில் முடியும். ஆகவே பெயரை உறுதி செய்தபின், புழுவைக் குச்சியாலோ கரண்டியாலோ முழுதாக எடுத்து, கெட்டியான உப்புநீர் உள்ள மூடியிட்ட புட்டியில் போடுமாறு எழுதினோம். அவ்வாறே செய்தனர்.

வெறுங்கையால் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னோம். 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, பேத்தை மீனில் உள்ள அதே நஞ்சு இப்புழுவிலும் சிறிதளவு இருப்பதைக் காட்டியது. தொட்டதனால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் குழந்தைகள் அதை வாயில் வைத்துவிடாதபடியும், கோழிகள் கொத்தாதபடியும் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டுவிட்டால் சோப்பினால் கையைக் கழுவ வேண்டும்.

வறண்ட தொப்பூருக்கு இது எப்படி வந்தது? அவ்வாண்டு அவர்கள் நாற்றுப் பண்ணையிலிருந்து குரோட்டன்ஸ் தொட்டிகள் சில வாங்கியிருந்தனர். அவற்றோடு வந்ததென்று நாம் உறுதி கூற இயலாது. ஆனால் இப்புழு பயணம் செய்யும் வழி அதுவே. ஈரம் வற்றினால் இது உயிர்வாழாது. கோடையில் அவ்வூரில் இதற்குப் புகலிடம் நாள்தோறும் நீரூற்றும் தொட்டிகளின் அடியும், செங்கல் இடுக்கும், உரத்தொட்டியின் ஓரமுமே. அவ்விடங்களை வாரம் ஒருமுறை புரட்டிப் பார்க்குமாறு கேட்டுக்கொண்டோம்.

படம் எடுப்போர் கவனத்திற்கு

ஒரு படம் போதாது, மூன்று வேண்டும். முதலாவது, முழு உடலும் இரு முனைகளும் தெரியும்படி மேலிருந்து. அதில் ஒரு ரூபாய் நாணயத்தை அருகே வைத்தால் அளவு விளங்கும். இரண்டாவது, தரைமட்டத்திலிருந்து பக்கவாட்டில். உடல் உருண்டையா தட்டையா என்பதும், வாய்க்கோடு உண்டா என்பதும் இதில்தான் தெரியும். மூன்றாவது, தலைப்பக்கம் மட்டும் அண்மையில். நகரும்போது எந்த முனை முன்னே செல்கிறதோ அதுவே தலை. விளக்கொளியை அணைத்துவிட்டு, குடையாலோ கையாலோ நிழல் செய்து எடுத்தால் மினுக்கம் குறையும்.

படத்தோடு நான்கு செய்திகளை எழுதி அனுப்புக: எந்த ஊர், எந்த நாள், மண்ணின்மேலா கல்லின் அடியிலா, எவ்வாறு நகர்ந்தது. நீண்டு சுருங்கி ஊர்ந்ததா, முழம் போட்டு நடந்ததா, வழுக்கினாற்போல் சென்றதா, பாம்புபோல் வளைந்து நெளிந்ததா என்னும் ஒரு வரி, மங்கலான படத்தையும் சில வேளை பேச வைத்துவிடும்.

விடை வரும்வரை உப்பும் வேண்டாம், மண்வெட்டியும் வேண்டாம். ஒரு கொட்டாங்குச்சியை நனைத்து அதன்மேல் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். நிழலும் ஈரமும் இருக்கும்வரை அது பெரும்பாலும் அங்கேயே கிடக்கும்.